ஒரே தேடலுக்கு நம் பக்கங்களே போட்டி போட்டால்: ஒரு தேன் கடையை வைத்துச் சில கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம் பக்கம் எங்களுக்குத் தேன் கடை. வெப்சைட்டில் கால் கிலோ, அரை கிலோ, ஒரு கிலோ என்று தனித்தனிப் பக்கம் இருக்கிறது. 'marthandam honey' என்று தேடினால் ஒரு வாரம் ஒரு பக்கம் வருது, அடுத்த வாரம் இன்னொன்று வருது. எதுவும் மேலே ஏறுவதில்லை. ஏன்?

மூன்று பக்கத்திலும் அதே பாட்டில் படம், அதே விவரம், அதே தலைப்பு. எடையும் விலையும்தான் வேறு. தேடுகிறவர் எடை எதுவும் சொல்லாமல் 'marthandam honey' என்று மட்டும் கேட்கும்போது, இந்த மூன்றில் எதைக் காட்டுவது என்று கூகுளுக்கு நீங்கள் எந்தத் துப்பும் கொடுக்கவில்லை. அதனால் அதுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது, சில நாள் கழித்து மாற்றிக்கொள்கிறது.

மாறிக்கொண்டே இருப்பதைவிடப் பெரிய நஷ்டம், உங்கள் பலம் பிரிந்துபோவது. யாரோ ஒருவர் தன் சமையல் பக்கத்தில் உங்கள் அரை கிலோ பாட்டிலுக்கு இணைப்பு கொடுத்திருப்பார், இன்னொருவர் ஒரு கிலோவுக்குக் கொடுத்திருப்பார். வாடிக்கையாளர் எழுதிய விமர்சனங்களும் மூன்று இடத்தில் கிடக்கும். எல்லாம் ஒரே பக்கத்தில் சேர்ந்திருந்தால் கிடைக்கும் பலம் எதற்குமே கிடைப்பதில்லை. மூன்று பக்கம் இருந்தால் முதல் பக்கத்தில் மூன்று இடம் பிடிக்கலாம் என்று நினைப்பதிலும் பயனில்லை. 2019 ஜூனில் செய்த மாற்றத்துக்குப் பிறகு, ஒரே தளத்திலிருந்து மேல்வரிசையில் பெரும்பாலும் இரண்டு முடிவுகளுக்கு மேல் கூகுள் காட்டுவதில்லை.

கூகுளில் `site:` போட்டு எங்கள் முகவரியையும் honey என்ற சொல்லையும் தேடிப் பார்த்தேன். ஏழு பக்கம் வந்தது. அப்போ ஏழும் மோதுதா?

இல்லை. அந்தச் சொல்லோடு தொடர்புள்ள எந்தெந்தப் பக்கங்கள் கூகுளிடம் பதிவாகியிருக்கின்றன என்பதற்கு மேல் அதில் ஒன்றும் தெரியாது. தேன் கடையில் ஏழு பக்கத்தில் தேன் என்று இருப்பது இயல்புதானே. உண்மையான தேடலில் எந்தப் பக்கம் யார் கண்ணில் பட்டது என்பதுதான் கேள்வி. அதற்கான பதில், தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் இருக்கிறது.

சரி, சர்ச் கன்சோலில் எங்கே பார்ப்பது? அங்கே ஏகப்பட்ட எண்கள் இருக்கே.

தேவையானது கொஞ்சம்தான். Performance பகுதியில் Search results திறந்து, கடைசி 3 மாதத்தை வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள நான்கு பெட்டிகளில் Average position பெட்டியையும் சேர்த்து அழுத்திவிடுங்கள். கீழே Queries பட்டியலில் 'marthandam honey' என்ற வரியைத் தொட்டால் அறிக்கை முழுவதும் அந்த ஒரு தேடலுக்குச் சுருங்கிவிடும். அப்புறம் பக்கத்திலுள்ள Pages தாவலுக்குப் போங்கள். அந்தத் தேடலுக்கு வந்த உங்கள் பக்கங்கள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும்.

உதாரணத்துக்கு இப்படி எண்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். அரை கிலோ பக்கம் 520 முறை காட்டப்பட்டிருக்கிறது, சராசரி இடம் 14. ஒரு கிலோ பக்கம் 410 முறை, இடம் 17. தேன் வகைகள் பட்டியல் பக்கம் 250 முறை, இடம் 19. கால் கிலோ 90 முறை, இடம் 23. நான்கையும் கூட்டினால் 1,270.

இப்போது மேலே Total impressions பெட்டியைப் பாருங்கள். அங்கே 1,200 என்று இருக்கும். இந்த வித்தியாசத்தைப் பலர் ஏதோ பிழை என்று விட்டுவிடுகிறார்கள். மேலே இருக்கும் எண் தளம் முழுவதற்குமான கணக்கு. ஒரே தேடலில் உங்கள் இரண்டு பக்கம் சேர்ந்து வந்தாலும் அங்கே ஒன்றுதான் ஏறும். கீழே பட்டியலில் பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியாக ஏறும். ஆக, கூடுதலாக வந்த 70 என்பது இரண்டு பக்கங்கள் ஒன்றாகத் தெரிந்த தருணங்கள். மீதி நேரமெல்லாம் ஏதாவது ஒன்றுதான் வந்திருக்கிறது. அதாவது நான்கும் மாறி மாறி ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எழுகின்றன. மோதல் இருக்கிறது என்பதற்கு நான் முதலில் பார்க்கும் அடையாளம் இதுதான். கீழே கூட்டியது 2,000 ஆகவும் மேலே 1,200 ஆகவும் இருந்து, இரண்டு பக்கமும் முதல் பத்துக்குள் இருந்தால் கதை வேறு. இரண்டு பக்கம் சேர்ந்து இரண்டு இடத்தைப் பிடித்திருக்கின்றன, அதைத் தொடாதீர்கள்.

இன்னும் ஒரு சோதனை. Page வடிகட்டியில் Compare என்று ஒரு தாவல் உண்டு. அதில் அரை கிலோ பக்கத்தின் முகவரியையும் ஒரு கிலோ பக்கத்தின் முகவரியையும் கொடுங்கள். வரைபடத்தில் இரண்டு கோடுகள் வரும். ஒன்று விழும் நாளில் இன்னொன்று எழுந்தால் சந்தேகமே வேண்டாம். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் அது சீசன் அல்லது கூகுளின் பொதுவான மாற்றம்.

உங்கள் கடைப் பெயரையே போட்டுத் தேடும் தேடல்களை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடைப் பெயருக்கு முகப்புப் பக்கமும் அதன் கீழே நாலைந்து உள்பக்கங்களும் சேர்ந்தே வரும், அது நல்லதுதான்.

'மார்த்தாண்டம் தேன்', 'marthandam then', 'kanyakumari honey', 'kanniyakumari honey' என்று ஆளுக்கொரு மாதிரி அடிக்கிறார்களே. ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் ஒரு பக்கம் வேண்டாமா?

வேண்டாம். மோதலைக் கையால் உருவாக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. மாவட்டத்தின் பெயரை அரசு Kanniyakumari என்று எழுதுகிறது, சுற்றுலா வருகிறவர் Kanyakumari என்று அடிக்கிறார். இரண்டும் ஒரே ஊர் என்று கூகுளுக்கு நன்றாகவே தெரியும். ஒரே பக்கத்தில் தலைப்பில் ஒன்று, விவரத்தில் இயல்பாக இன்னொன்று இருந்தால் போதும்.

சோதிக்கும்போது மட்டும் இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன எண்ணாகத் தெரியும், மோதல் கண்ணில் படாது. Query வடிகட்டியில், பல எழுத்துக்கூட்டல்களை ஒரே வரியில் பிடிக்கும் Custom (regex) தேர்ந்து இதைப் போடுங்கள்:

```
marth?andam (honey|then)|kann?i?yakumari honey|மார்த்தாண்டம் தேன்
```

தமிழ்ப் பக்கம் ஒன்று, ஆங்கிலப் பக்கம் ஒன்று என்று முழு மொழிபெயர்ப்பாகவே வைத்திருந்தால் அது மோதல் ஆகாது. அங்கே செய்ய வேண்டியது, பக்கத்தின் மொழியைக் கூகுளுக்குச் சொல்லும் `hreflang` குறியால் இரண்டும் ஒன்றையொன்று சுட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுட்டி மறுபக்கம் சுட்டாவிட்டால் கூகுள் அதைக் கண்டுகொள்ளாது.

நான்கில் எதை வைத்துக்கொள்வது? அதிகம் காட்டப்பட்ட அரை கிலோவையா?

அவசரப்பட வேண்டாம். அதிகம் காட்டப்பட்டது என்பது கூகுளுக்குக் கிடைத்ததில் அது பரவாயில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. தேடுகிறவருக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். மறைநிலை ஜன்னலில் 'marthandam honey' தேடி, மற்றவர்களின் எந்த மாதிரிப் பக்கங்கள் மேலே நிற்கின்றன என்று கவனியுங்கள். பெரும்பாலும் தனிப் பொருள் பக்கங்களாக இருந்தால் உங்களுடையதும் பொருள் பக்கமாக இருக்கட்டும். பல வகைத் தேன்களை அடுக்கிய பட்டியல் பக்கங்களாக இருந்தால் உங்கள் தேன் வகைகள் பக்கத்தைத்தான் வளர்க்க வேண்டும்.

நம் உதாரணத்தில் பொருள் பக்கம் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று எடைகளும் ஒரே தேன். அதனால் மூன்றும் ஒரே பக்கமாகி, எடை அதற்குள் ஒரு தேர்வாக மாற வேண்டும். முகவரியில் `honey-500g` என்று இருக்கும் பக்கத்தில் ஒரு கிலோவும் விற்பது கண்ணுக்கு இடிக்கும் என்பதால், `/product/marthandam-honey/` என்று புதிதாக ஒன்று வைத்து, பழைய மூன்று முகவரிகளுக்கும் வருபவரைத் தானாக அங்கே திருப்புவேன். வெளி இணைப்புகள் நிறைய உள்ள பழைய முகவரி எடை பற்றிப் பேசாததாக இருந்தால், அதையே வைத்துக்கொள்வேன்.

பட்டியல் பக்கத்தைத் திருப்பக் கூடாது. சிறுதேன், நெல்லிக்காய் தேன் என்று வேறு பொருள்களும் அங்கே இருக்கும். அதன் தலைப்பில் 'மார்த்தாண்டம் தேன்' என்று இருப்பதை எடுத்துவிட்டு 'தேன் வகைகள்' என்று மாற்றினால் அது தன் வேலையைப் பார்க்கும்.

எங்கள் கடை வேர்ட்பிரஸின் வூகாமர்ஸ் பிளகினில் ஓடுகிறது. அதில் மூன்றையும் ஒன்றாக்குவது எப்படி? பழைய ஆர்டர் எல்லாம் போய்விடுமோ என்று பயம்.

முதலில் முழு பேக்கப் எடுங்கள். புதிய பொருள் ஒன்று சேர்த்து, Product data பெட்டியில் Variable product தேர்வு செய்யுங்கள். Attributes தாவலில் 'எடை' என்று ஒரு பண்பு வைத்து, மதிப்பாக `250 g | 500 g | 1 kg` என்று கொடுத்து, Used for variations கட்டத்தை டிக் செய்து சேமிக்க வேண்டும். அப்புறம் Variations தாவலில் Generate variations அழுத்தினால் மூன்று வரி வரும். ஒவ்வொன்றுக்கும் விலை, இருப்பு, SKU எனும் பொருள் குறியீடு போடுங்கள். விலை போடாத வரியை வாங்க முடியாது. இதை மறந்துவிட்டு 'ஆர்டரே வரவில்லை' என்று கவலைப்படுவோர் உண்டு.

பழைய பொருள்களை அழிக்காதீர்கள், Draft ஆக்கிவிடுங்கள். பழைய ஆர்டர்கள் அந்தப் பொருள்களோடு கட்டப்பட்டிருக்கின்றன. ஒரே SKU இரண்டு பொருளுக்கு இருக்க வூகாமர்ஸ் அனுமதிக்காது என்பதால், பழையதில் அதை மாற்றிய பிறகுதான் புதியதில் அதே எண்ணைப் போட முடியும்.

Draft ஆனதும் பழைய முகவரிகள் 404 காட்டத் தொடங்கும். ஆகவே திருப்புவதை அப்போதே செய்துவிட வேண்டும். அபாச்சி சர்வர் என்றால் `.htaccess` கோப்பில், வேர்ட்பிரஸ் தானாக எழுதிய பகுதிக்கு மேலே:

```
Redirect 301 /product/honey-250g/ /product/marthandam-honey/
Redirect 301 /product/honey-500g/ /product/marthandam-honey/
Redirect 301 /product/honey-1kg/  /product/marthandam-honey/
```

கோப்பைத் தொடப் பயமாக இருந்தால் இதே வேலையைச் செய்யும் பிளகின்கள் இருக்கின்றன.

விமர்சனங்கள் தானாகப் புதிய பக்கத்துக்கு வராது. அவை பழைய பொருளின் எண்ணோடு ஒட்டியிருக்கும் கருத்துகள். டேட்டாபேஸில் அந்த எண்ணை மாற்றத் தெரிந்த ஒருவரை வைத்து நகர்த்துங்கள். நட்சத்திரங்கள் நிறைய இருந்த கடையில் இதை விட்டால் வாங்குகிறவர் கண்ணுக்குப் புதுக்கடை போலத் தெரியும்.

கடைசியாக உள் இணைப்புகள். மெனு, முகப்பு பேனர், கட்டுரைகள், வாட்ஸ்அப் கேட்டலாக் எல்லாவற்றிலும் புதிய முகவரியை நேரடியாகப் போடுங்கள். பாட்டில் லேபிளில் க்யூஆர் கோடு அச்சடித்திருந்தால் அதை மாற்ற முடியாது. அந்தப் பாட்டில் யார் வீட்டு அலமாரியில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும். அதனால் திருப்பும் வரிகளை எப்போதும் எடுக்காதீர்கள். குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்லி கூகுளே அறிவுறுத்துகிறது.

இவ்வளவு வேலை எதற்கு? எது முதன்மைப் பக்கம் என்று கூகுளுக்குக் காட்டும் கெனானிக்கல் குறி போட்டால் போதும் என்று வெப்சைட் செய்தவர் சொல்கிறார்.

இரண்டு பக்கமும் உயிரோடு இருந்தே ஆக வேண்டும் என்றால் அவர் சொல்வது சரி. மொத்த வியாபாரிகளுக்கு மட்டும் தனி விலையில் ஒரு பக்கம் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கெனானிக்கல்தான் வழி. ஆனால் அது கூகுளுக்குச் சொல்லும் பரிந்துரை, கட்டளை இல்லை. இரண்டு பக்கமும் அதிகம் வேறுபட்டால் கூகுள் அதை ஒதுக்கிவிட்டுத் தன் விருப்பப்படி நடக்கலாம். அப்படி நடந்திருக்கிறதா என்று பார்க்க, சர்ச் கன்சோலின் மேலே உள்ள பெட்டியில் முகவரியைப் போட்டு User-declared canonical, Google-selected canonical என்ற இரண்டு வரிகளும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.

அதோடு, அந்தப் பக்கத்தை `robots.txt` கோப்பில் தடுத்துவிடாதீர்கள். தடுத்தால் கூகுள் பக்கத்தைத் திறக்கவே முடியாது, உள்ளே இருக்கும் குறியை எப்படிப் படிக்கும்? ஒரே பக்கத்தில் `noindex` குறியையும் கெனானிக்கலையும் சேர்த்துப் போடுவதும் கூடாது. ஒன்று 'இதை மற!' என்கிறது, மற்றது 'இதை அதோடு சேர்!' என்கிறது.

தேவையே இல்லாத பக்கத்துக்கு, மேலே `.htaccess` கோப்பில் போட்ட 301 திருப்பலைத்தான் நான் சொல்வேன். ஆளும் கூகுளும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேருவார்கள்.

தேன் உறைந்தால் கலப்படமா என்று ஒரு கட்டுரை எழுதினோம். இப்போது 'marthandam honey' தேடலுக்குப் பொருள் பக்கத்தை விட்டுவிட்டு அந்தக் கட்டுரை வருகிறது. கட்டுரையை எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். நம் மாவட்டத் தேனுக்கு அது மிக முக்கியமான கட்டுரை. இங்கே பெட்டித் தேனின் பெரும்பகுதி ரப்பர் தோட்டங்களிலிருந்து வருகிறது. ரப்பர் இலையுதிர்ந்து புதுத் துளிர் விடும் ஆண்டின் தொடக்க மாதங்களில், தேனீ பூவைவிட இலைக்காம்பருகே சுரக்கும் மதுவைத்தான் அதிகம் எடுக்கிறது. அந்தத் தேன் சீக்கிரம் உறையும். சென்னையில் வாங்கியவர் பாட்டிலைப் பார்த்துச் 'சீனிப்பாகோ' என்று சந்தேகப்பட்டுத் தேடுவார். அவருக்குப் பதில் சொல்லும் கட்டுரை வேண்டும்.

கட்டுரை தப்பான தேடலுக்கு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் தலைப்புதான். 'மார்த்தாண்டம் தேன்: உறைந்தால் கலப்படமா?' என்று வைத்திருப்பீர்கள். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு 'தேன் உறைவது ஏன்? உறைந்த தேனை எப்படி இளக்குவது?' என்று மாற்றுங்கள். கட்டுரைக்குள் ஊர்ப் பெயர் வரும் இடத்தில் 'மார்த்தாண்டம் தேன்' என்ற சொற்களையே இணைப்பாக்கிப் பொருள் பக்கத்துக்கு விடுங்கள். 'இங்கே சொடுக்கவும்' என்று இணைத்தால் எந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று கூகுளுக்கு ஒன்றும் புரியாது. மற்றக் கட்டுரைகளிலும் அந்தச் சொற்களுக்கான இணைப்பு எங்கே போகிறது என்று பாருங்கள். பத்து கட்டுரைகள் அந்த வார்த்தையில் முகப்புக்கு இணைத்திருந்தால் மோதலை வளர்ப்பது நீங்களே.

அப்புறம் பொருள் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? 'சுத்தமான இயற்கைத் தேன்' என்ற இரண்டு வரிதானா? கட்டுரையில் எண்ணூறு சொல், பொருள் பக்கத்தில் எட்டு சொல் என்றால் கூகுள் கட்டுரையைத்தான் தேர்ந்தெடுக்கும். எந்தப் பருவத்தில் எடுத்தது, எந்தத் தோட்டம், உறையுமா, எப்படி அனுப்புவீர்கள் என்று வாங்குகிறவர் கடையில் கேட்பதையெல்லாம் அங்கே எழுதுங்கள்.

சிறுதேன் பக்கத்தையும் இதோடு சேர்த்துவிடலாமா?

கூடாது. கொட்டாத சிறுதேனீயின் தேன் வேறு பொருள், விலை வேறு, அதைத் தேடுகிறவரும் வேறு. பெயரில் தேன் என்று இருப்பது மட்டும் மோதல் ஆகிவிடாது.

நாகர்கோவில், தக்கலை, குளச்சல், கருங்கல் என்று ஊருக்கொரு பக்கம் போட்டால் எல்லா இடத்திலும் வரலாம் என்கிறார்களே?

ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அதே பக்கத்தை அடுக்குவதைக் கூகுள் ஸ்பேம் விதிகளில் வாசல் பக்கங்கள் என்று சேர்த்திருக்கிறது. மோதலும் வரும், தண்டனையும் வரலாம். தக்கலையில் உண்மையிலேயே உங்களுக்கு ஒரு கடை இருந்தால், அதன் விலாசம், நேரம், படத்தோடு ஒரு பக்கம் போடுங்கள். டெலிவரி மட்டும் என்றால் பொருள் பக்கத்தில் ஒரு வரி போதும்.

அமேசானிலும் மூன்று எடைக்கு மூன்று லிஸ்டிங் வைத்திருக்கிறோம். அங்கேயும் இதே கதையா?

கிட்டத்தட்ட. அங்கே இதற்கு வேரியேஷன் என்று பெயர். மூன்று எடையும் ஒரு தாய் லிஸ்டிங்கின் கீழ் வந்தால், வாங்குகிறவர் ஒரே பக்கத்தில் எடையை மாற்றிக்கொள்ளலாம். ஒரே எடைக்கே அமேசானின் பொருள் எண்ணான ASIN இரண்டு தவறுதலாக உருவாகியிருந்தால் அது அமேசான் விதிப்படியே கூடாது. செல்லர் சப்போர்ட்டில் இணைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சிறுதேனை இந்தக் குடும்பத்தில் சேர்க்காதீர்கள், அங்கேயும் வெவ்வேறு பொருளை ஒன்றாகக் கட்டுவது விதிமீறல்.

எல்லாம் மாற்றியாச்சு. இரண்டு வாரம் ஆகியும் இடம் இன்னும் கீழே போயிருக்கிறது. பழையபடி மாற்றிவிடலாமா?

பொறுங்கள். கூகுள் பழைய முகவரிகளை மறுபடி வந்து பார்த்து, திருப்பியதைப் புரிந்துகொள்ளச் சில வாரங்கள் ஆகும். சின்னத் தளத்துக்கு அது அடிக்கடி வருவதில்லை. இடையில் பழைய முகவரியும் புதியதும் அறிக்கையில் சேர்ந்தே தெரியும். புதிய முகவரியைச் சர்ச் கன்சோலில் போட்டு Request indexing கொடுத்தால் கொஞ்சம் சீக்கிரம் நடக்கலாம். தளத்தின் முகவரிகளைக் கூகுளுக்குப் பட்டியலிடும் தளவரைபடத்தில் பழைய முகவரிகள் இல்லைதானே என்றும் பாருங்கள்.

இந்த நாட்களில் சராசரி இடத்தை விட்டுவிட்டு, முன்பு போட்ட அதே regex வடிகட்டியோடு Pages தாவலைப் பாருங்கள். நான்கு பக்கம் இருந்த இடத்தில் ஒன்று மட்டும் பெரிய எண்ணோடு நிற்கத் தொடங்கியிருந்தால் வேலை சரியாகப் போகிறது. சொடுக்குகளை ஒப்பிடும்போது போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். புதுத் தேன் வரும் மாதத்துக்கும் மற்ற மாதத்துக்கும் தேடலே வேறு. சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருப்பதால், போன வருடத்தின் இதே மாதத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று மாதம் கழித்தும் ஒரே பக்கம்தான் நிலையாக வருகிறது, ஆனால் இடம் 14 என்றே நிற்கிறது என்றால் மோதல் தீர்ந்துவிட்டது, மீதிப் பிரச்சினை வேறு. அந்தப் பக்கம் மற்றவர்களுடையதைவிடப் பலவீனமாக இருக்கிறது. அப்போது பக்கத்தின் விவரம், படங்கள், வெளியிலிருந்து வரும் இணைப்புகள் பக்கம் திரும்புங்கள். மறுபடி பக்கங்களைப் பிரித்து அடுக்கினால் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.